கட்டத்தில் நிற்கும் கிழிசல்

ஜவுளிக்கடையில் இரண்டு மீட்டர் லைனிங் துணி கேட்டால், கடைக்காரர் அளந்துவிட்டு ஓரத்தில் கத்தரியால் ஒரு சிறு வெட்டு வைப்பார். பிறகு இரண்டு பக்கமும் பிடித்து 'டர்ர்' என்று இழுப்பார். அகலம் முழுக்க நேர்கோடாகக் கிழிந்துவிடும். வெட்டில்லாத துணியை அப்படி இழுத்துக் கிழிக்க யாராலும் முடியாது. நூற்றுக்கணக்கான இழைகள் சேர்ந்து அந்த இழுப்பைத் தாங்கும். வெட்டு விழுந்ததும், அதன் முனையில் இருக்கும் ஓரிரு இழைகள் மேல் மொத்தப் பாரமும் வந்து விழுகிறது. அவை அறுந்தால் பாரம் அடுத்த இழைக்குப் போகிறது, அதுவும் அறுகிறது. ஒவ்வோர் இழையும் தனித்தனியாக மாட்டிக்கொள்வதால்தான் அவ்வளவு சுலபமாகக் கிழிகிறது.

டென்ட், ரெயின் கவர், மடித்தால் கைக்குள் அடங்கும் ஜாக்கெட் இவற்றிலெல்லாம் வரும் ரிப்ஸ்டாப் நைலான் இந்தச் சங்கிலியை நடுவில் அறுக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பாராசூட்டுக்குப் பட்டுக்குப் பதிலாக நைலான் வந்தபோது பிறந்த நெசவு இது. அந்தரத்தில் இருக்கும் பாராசூட்டில் சின்ன ஓட்டை ஓடிப் பெரிதானால் என்ன ஆகும் என்று யோசித்தாலே, இதன் தேவை புரிந்துவிடும்.

உங்கள் வீட்டு ரெயின் கவரை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். 5 முதல் 8 மில்லிமீட்டர் இடைவெளியில் சின்னச் சின்னச் சதுரங்கள் தெரியும். பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. சதுரத்தின் உள்பகுதி மெல்லிய நூல். கோடு ஓடும் இடத்தில் மட்டும் தடித்த நூல் இருக்கும், அல்லது இரண்டு மூன்று மெல்லிய நூல்கள் ஒன்றாகச் சேர்ந்து ஓடும். பாவிலும் அப்படி, ஊடையிலும் அப்படி. விரல் நகத்தால் மெதுவாக வருடினால் அந்தக் கோடு மேடாகத் தட்டுப்படும். கட்டம் போல அச்சிட்ட துணியும் விற்பனைக்கு வருகிறது. அதில் நகம் எங்கும் தட்டாது.

கிழிசல் மெல்லிய நூல்களை ஒன்றொன்றாக அறுத்துக்கொண்டு வருகிறது. தடித்த நூலை எட்டியதும், அதை அறுக்கச் சட்டென்று அதிக விசை தேவைப்படுகிறது. அவ்வளவு விசை காற்றிலோ கையிலோ இல்லையென்றால் கிழிசல் அங்கேயே நின்றுவிடும், அல்லது அந்த நூலை ஒட்டிப் பக்கவாட்டில் திரும்பும். துணி முழுவதையும் தடித்த நூலால் நெய்தால் என்ன என்று கேட்கலாம். அப்போது அது முதுகில் சுமக்கும் டென்ட்டாக இருக்காது. எடையைக் கூட்டாமல், சில இடங்களுக்கு மட்டும் பலம் கொடுப்பதுதான் இந்த நெசவின் அழகு. இது குத்துவதையோ உரசித் தேய்வதையோ தடுக்காது. ஆணி குத்தினால் ஓட்டை விழத்தான் செய்யும். அந்த ஓட்டை ஓடாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே இதன் வேலை. விசை மிகுந்தால் கட்டத்தையும் தாண்டிக் கிழியும்.

துணியின் மேல் பூசியிருக்கும் பூச்சுக்கும் இதில் பங்கு உண்டு. நூல்கள் கொஞ்சம் நழுவ முடிந்தால், கிழிசல் முனையில் நான்கைந்து இழைகள் நெருங்கி வந்து பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். சிலிக்கோன் பூச்சு அந்த நழுவலுக்கு வழுவழுப்பாக உதவுகிறது. பாலியூரித்தேன் பூச்சு நூல்களை ஒட்டிப் பிடித்துவைப்பதால் அதே துணி எளிதாகக் கிழியும். ஆனால் விலை குறைவு, தையலின் மேல் டேப் ஒட்டவும் வசதி. அதனால் நம் கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான டென்ட்டும் பையும் இந்த வகைதான்.

கொடைக்கானல் பக்கம் ஒரு முகாமில் என் டென்ட்டின் மேல்விரிப்பில் முள்கிளை குத்தியது. இரவெல்லாம் காற்று. காலையில் பார்த்தேன்: 'எல்' வடிவில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான கிழிசல், இரண்டு கையும் சரியாகத் தடித்த நூலில் போய் முட்டி நின்றிருந்தன. அதைத் தைக்கவில்லை. முன்பு ஒரு பையைத் தையல்காரரிடம் கொடுத்துத் தைத்து வாங்கி, தபால்தலை ஓரம் போல ஊசி ஓட்டை வரிசையாய் விழுந்து, அந்த வரியிலேயே மறுபடி கிழிந்த அனுபவம் இருந்தது.

ஒட்டுப்போடுவதே சரி. நீட்டிக்கொண்டிருந்த இழைகளை இழுக்காமல் கத்தரித்தேன். ஸ்பிரிட் தொட்ட துணியால் கிழிசலைச் சுற்றித் துடைத்துக் காயவிட்டேன். ஒரு பலகைமேல் விரித்து, கிழிந்த ஓரங்களை இழுக்காமல் ஒன்றோடொன்று சேர்த்துவைத்தேன். நைலான் ரிப்பேர் டேப்பைக் கிழிசலைத் தாண்டி எல்லாப் பக்கமும் இரண்டு சென்டிமீட்டர் வருகிற அளவுக்கு வெட்டி, மூலைகளை வட்டமாக்கினேன். கூர்மூலை இருந்தால் முதலில் அங்கேதான் உரியும். நடுவிலிருந்து வெளியே அழுத்தித் தேய்த்து, உட்புறமும் ஒன்று ஒட்டி, ஒரு நாள் மடிக்காமல் விட்டேன். மூன்று மழைக்காலம் தாங்கிவிட்டது. சிலிக்கோன் பூச்சுத் துணியில் இந்த டேப் பிடிக்காது. ஓரத்தில் சின்னத் துண்டை ஒட்டிப்பார்த்தால் உடனே தெரிந்துவிடும். அதற்கு அதே வகைத் துணியும் சிலிக்கோன் பசையும்தான்.

நம் ஊரில் டென்ட் கிழிந்து போவதைவிடப் பரணில் கெட்டுப்போவதே அதிகம். ஈரத்தோடு சுருட்டி, மே மாத வெயிலில் தளம் காயும் பரணில் போட்டால், பாலியூரித்தேன் பூச்சை ஈரம் மெல்ல மெல்ல உடைக்கும். சூடு அதை வேகப்படுத்தும். விரித்தால் பிசுபிசு என்று ஒட்டும், புளித்த வாடை வரும், தேய்த்தால் செதில் செதிலாக உதிரும். இந்தக் கட்டத்துக்கு வந்த பூச்சைப் பழையபடி ஆக்க முடியாது. மிஞ்சியதைச் சுரண்டியெடுத்துவிட்டுப் புதிதாகப் பூசலாம், அவ்வளவுதான்.

அதனால் ஊர் திரும்பிய அன்றைக்கே நிழலில் விரித்துக் காயவையுங்கள். தையலை விரலால் நெரித்துப் பாருங்கள், தண்ணீர் தங்குவது அங்கேதான். காய்ந்தபின் பழைய தலையணை உறைக்குள் தளர்வாகத் திணித்துக் காற்றோட்டமான அலமாரியில் வையுங்கள். ஒரே மடிப்பில் திரும்பத் திரும்ப மடித்தால் பூச்சு அந்த வரியிலேயே வெடிக்கும். கார் டிக்கியில் வைக்கவேண்டாம். வெயிலில் நாள்கணக்கில் கட்டி வைத்தால் நைலானின் பலம் போய்விடும். நிறம் வெளிறத் தொடங்கினால் எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கழுவுவதற்குக் குளிர்ந்த தண்ணீரும் மென்மையான சோப்பும் ஸ்பாஞ்சும் போதும். டென்ட்டை வாஷிங் மெஷினில் போடக்கூடாது. ஜாக்கெட்டுக்கு ஒருநாளும் ஃபேப்ரிக் கண்டிஷனர் வேண்டாம், அது மேலே படிந்துகொண்டு தண்ணீரை உள்ளே விடும். மழைத்துளி முத்தாக உருளாமல் பரவத் தொடங்கினால், நிறையத் தண்ணீரில் சோப்புப் போக அலசுங்கள். லேபிள் அனுமதித்தால் மேலே ஒரு துணி விரித்து, மிகக் குறைந்த சூட்டில் இஸ்திரி போடுங்கள். அதற்கும் துளி உருளவில்லை என்றால் நீர் தள்ளும் ஸ்பிரேயைப் புதிதாக அடிக்க வேண்டியதுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நைலான் நனைந்தால் கொஞ்சம் நீளும். மழை இரவில் டென்ட் தொய்ந்து, தண்ணீர் குளமாய்த் தேங்கி, அந்த எடையே தையலை இழுக்கும். தூங்கப்போகுமுன் கயிறுகளை ஒருமுறை இறுக்குங்கள். நள்ளிரவில் மழை வலுத்தால், எழுந்துபோய் மறுபடியும் இறுக்குங்கள்.