சுவர் உறுதியா, இல்லை இடித்தவர் கை தளர்ந்ததா?

பாண்டா படத்தை நிறைய பேர் பார்த்திருப்பீர்கள். இயன் குட்ஃபெல்லோவும் அவரது சகாக்களும் 2014-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் வருவது. மாடல் முதலில் 57.7% நம்பிக்கையோடு 'பாண்டா' என்றது. கண்ணுக்கே தெரியாத அளவு இரைச்சலைச் சேர்த்த பிறகு, அதே படத்தை 99.3% நம்பிக்கையோடு 'கிப்பன்' குரங்கு என்றது.

இது எப்படி நடக்கிறது? 224 × 224 அளவுள்ள ஒரு வண்ணப் படத்தில் மொத்தம் 1,50,528 எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் கொஞ்சூண்டு மாற்றினால் கண்ணுக்குத் தெரியாது. ஆனா எல்லா மாற்றங்களும் மாடலைத் தப்பான விடை பக்கமே தள்ளும்படி பார்த்துக்கொண்டால், அத்தனையும் கூடிப் பெரிதாகிவிடும். எந்த எண்ணைக் கூட்டணும், எதைக் குறைக்கணும் என்று தாக்குபவருக்குச் சொல்வது கிரேடியன்ட். அதாவது, உள்ளீட்டை இம்மியளவு நகர்த்தினால் மாடலின் பிழை எந்தப் பக்கம் ஏறுகிறது என்கிற சரிவு.

அப்படியென்றால் அந்தச் சரிவையே இல்லாமல் செய்துவிட்டால்? பல பாதுகாப்பு முறைகள் தெரிந்தோ தெரியாமலோ செய்தது இதைத்தான். சிக்கலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

எளிய உதாரணம் ஒன்று பார்ப்போம். படத்தை மாடலுக்குக் கொடுக்கும் முன், 0 முதல் 255 வரையுள்ள பிக்சல் மதிப்புகளை 0, 64, 128, 192 என்ற நான்கு படிகளுக்குக் கீழ்நோக்கி முழுமையாக்குகிறோம். 100 என்பது 64 ஆகும். 101-உம் 64 தான். சின்ன இரைச்சல் எல்லாம் அழிந்துபோகும் என்பது நம்முடைய கணக்கு. இப்போது கிரேடியன்ட் தாக்குதலை ஓட்டினால், படிக்கட்டின் தட்டையான பகுதியில் சரிவு பூஜ்யம். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் தாக்குதல் படத்தை மாற்றாமல் அப்படியே திருப்பித் தரும். மாடலின் துல்லியம் துளியும் குறையாது. "தாக்குதலைத் தாங்கிவிட்டது" என்று அட்டவணையில் எழுதிவிடலாம்.

ஆனா 122 என்ற பிக்சலை 8 கூட்டி 130 ஆக்கிப் பாருங்கள். 64-ஆக இருந்தது 128-க்குத் தாவுகிறது. ஓரத்தில் நிற்கும் பிக்சல்களில் இந்த 'பாதுகாப்பு' 8-ஐ 64-ஆகப் பெருக்கியே கொடுக்கிறது! ஓட்டை அடைபடவில்லை, அதைத் தேடுகிறவரின் டார்ச்தான் அணைந்திருக்கிறது.

டார்ச்சைத் திரும்ப ஏற்றுவது ரொம்ப சுலபம்:

```
def q_bpda(x):
    return x + (q(x) - x).detach()
```

முன்னோக்கிப் போகும்போது உண்மையான `q(x)` மதிப்புதான் போகும். சரிவைக் கணக்கிட்டுப் பின்னோக்கி வரும்போது மட்டும், முழுமையாக்கலே நடக்காததுபோல் `x`-இன் சரிவு, அதாவது 1, கிடைக்கும். தோராயமான சரிவுதான், ஆனா வழி காட்ட அது போதும். இதற்கு BPDA என்று பெயர். அனிஷ் அத்தால்யே, நிக்கோலஸ் கார்லினி, டேவிட் வாக்னர் மூவரும் 2018-இல் இதையும் இதுபோன்ற உத்திகளையும் வைத்து, அந்த ஆண்டின் ICLR மாநாட்டில் ஏற்கப்பட்ட 9 பாதுகாப்பு முறைகளைச் சோதித்தார்கள். அதில் 7 முறைகள் கிரேடியன்ட்டை மறைப்பதையே நம்பியிருந்தன. 6 முழுமையாக உடைந்தன, ஒன்று பாதி உடைந்தது.

சரி, நம் மாடல் உண்மையிலேயே உறுதியா, இல்லை தாக்குதல்தான் சொதப்பியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குப் பிடித்த சோதனை, அனுமதிக்கும் மாற்றத்தை ஏற்றிக்கொண்டே போவது. வழக்கமாக CIFAR-10 படங்களில் ஒரு பிக்சலுக்கு 8 வரை மாற்றலாம் என்பார்கள். அதை 16, 32, 64, 128 என்று ஏற்றுங்கள். 128 வரை அனுமதித்தால், எந்தப் படத்தையும் முழுச் சாம்பல் நிறமாக்கிவிடலாம். எல்லாப் படமும் ஒரே சாம்பல் என்றால், பத்து வகைகளில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் சொல்வதைத் தவிர மாடலுக்கு வேறு வழியில்லை. ஆக, துல்லியம் 10%-க்கு மேல் இருக்கவே முடியாது. அங்கேயும் உங்கள் வரைபடம் 60% என்று காட்டினால், மாடல் வலுவாக இல்லை; தாக்குதல் வேலை செய்யவில்லை.

இதே தர்க்கத்தில் இன்னும் இரண்டு அறிகுறிகள். ஒரே எட்டில் முடியும் தாக்குதல், பல எட்டு எடுத்து வைக்கும் PGD தாக்குதலைவிட நன்றாக வேலை செய்தால் சந்தேகப்படுங்கள். மாடலின் உள்ளே எதையும் பார்க்காத தாக்குதல், எல்லாம் தெரிந்த தாக்குதலை ஜெயித்தாலும் அப்படியே. இரண்டும் தலைகீழ்; கிரேடியன்ட் எங்கேயோ மறைந்திருக்கிறது. 2020-இல் வந்த AutoAttack தொகுப்பின் நான்கு தாக்குதல்களில் ஒன்று கிரேடியன்ட்டையே தொடாமல் இருப்பதும் இப்படிப்பட்ட ஏமாற்றைப் பிடிக்க உதவும்.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்தச் சோதனைகளையெல்லாம் தாண்டி ஒரு மாடல் 50% என்று காட்டினாலும், அது உச்சவரம்புதான். நாளைக்கு இன்னும் நல்ல தாக்குதல் வந்தால் அந்த எண் இறங்கும், ஏறாது. இனி ஒரு பாதுகாப்பு முறையைப் படிக்கும்போது, "எவ்வளவு தாங்கியது" என்ற அட்டவணைக்கு முன், அதை உடைக்கவென்றே தனியாக ஒரு தாக்குதலை எழுதிப் பார்த்தார்களா என்று தேடுங்கள்.