ரயில் ஏறும் பிள்ளைகள். வீட்டில் தனித்திருக்கும் பெற்றோர்: மாரிகுப்பம் எழுப்பும் கேள்வி

புது தில்லி: முதிய பெற்றோரைப் பிள்ளைகள் பராமரிப்பதைச் சட்டபூர்வக் கடமையாக்கி நாடாளுமன்றம் 2007-ல் நிறைவேற்றிய சட்டம், பெற்றோரைக் கைவிட்டுச் சென்ற பிள்ளைகளை மனதில் கொண்டு எழுதப்பட்டது. ஒரே வீட்டில் உறங்கியும் பகல் முழுவதும் உடன் இருக்க இயலாத பிள்ளைகளுக்கு அது என்ன சொல்கிறது? கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் உள்ள மாரிகுப்பம் இக்கேள்வியை எழுப்புகிறது.

மாரிகுப்பம் ஒரு ரயில் பாதையின் கடைசி நிலையம். சுரங்கத்துக்காகப் போடப்பட்ட அப்பாதையில் இப்போது செல்வது தொழிலாளர்கள். பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001-ம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் மூடப்பட்ட பின், அடுத்த தலைமுறைக்கு ஊரில் வேலை இல்லை. பெங்களூரு ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவு. விடியலில் ரயில் ஏறுவோர் இரவில்தான் திரும்புகின்றனர். வீட்டில் எஞ்சுவோர் முதியோரும் குழந்தைகளும்.

கூட்டுக் குடும்பம் சிதைந்ததால் முதியோர் தனிமைப்பட்டனர் என்ற வழக்கமான விளக்கம் இங்கு பொருந்தாது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து வந்த தொழிலாளர்களுக்கு நிறுவனம் கொடுத்தவை ஓர் அறை கொண்ட 'லைன்' வீடுகள். மூன்று தலைமுறை அடங்கும் அளவுக்கு அவை கட்டப்படவில்லை. மணமான மகன் வேறு லைனில் குடியேறினாலும் சோறும் பணமும் உறவும் இரு வீடுகளுக்கு இடையே ஓடிக்கொண்டிருந்தன. ஒரே கூரையின் கீழ் வாழ்வதை மட்டும் வைத்துக் கூட்டுக் குடும்பத்தை அளக்கக் கூடாது என்று சமூகவியலாளர் ஐ.பி. தேசாய், குஜராத்தின் மஹுவா நகர ஆய்வில் வாதிட்டார். குடும்பம் வேறு, ஒரே வீட்டில் வாழும் குழு வேறு என ஏ.எம். ஷா 1973-ல் வெளியான நூலில் பிரித்துக் காட்டினார். தங்கவயலில் நேர்ந்திருப்பது அதன் மறுபக்கம்: கூரை ஒன்றாகிவிட்டது, பகல்தான் பிரிந்துவிட்டது.

விளைவாகப் பராமரிப்பின் திசையும் மாறுகிறது. பேரக் குழந்தைக்குச் சோறூட்டிப் பள்ளிக்கு அனுப்புவது பாட்டியின் வேலை. பாட்டி படுக்கையில் விழும் நாளில் ஒரே நேரத்தில் இரண்டு இழப்புகள்: அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அவர் பார்த்துக்கொண்ட குழந்தைக்கும் ஆள் வேண்டும். பெரும்பாலும் மருமகளே வேலையை விடுகிறார். வீட்டு வருமானம் குறைகிறது. சுரங்கத் தூசியால் வரும் சிலிகோசிஸ் நோய் தாக்கிய முதியவருக்கு வேண்டியதும் பணம் மட்டுமன்று. மூச்சுத் திணறல் நண்பகலிலும் வரும். மகன் திரும்புவதோ இரவில்.

சட்டம் இங்கு எவ்வாறு செயல்படும்? ஓர் உதாரணம்: இரு மகன்களும் ஒரு மகளும் உள்ள 72 வயது முன்னாள் தொழிலாளி. 1995-ம் ஆண்டுத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014-ல்தான் ரூ.1,000 ஆனது, அது மருந்துக்கே போதவில்லை. அவர் வருவாய்க் கோட்ட அளவிலான தீர்ப்பாயத்தில் மனு அளிக்கலாம். இயலாவிட்டால் வேறொருவரோ ஓர் அமைப்போ அவர் சார்பில் அளிக்கலாம். பிள்ளைகளுக்கு அறிவிக்கை சென்ற 90 நாள்களுக்குள், விதிவிலக்காக மேலும் 30 நாள்களுக்குள், முடிவு வேண்டும். மகளும் மகனுக்குச் சமமாகப் பொறுப்பாளி; ஆனால் மருமகள் சட்டத்தின் 'பிள்ளை' வரையறையில் இல்லை. உண்மையில் பணிவிடை செய்பவர் சட்டத்தின் கண்ணில் படவில்லை.

தலைக்கு ரூ.2,000 என உத்தரவானதாகக் கொள்வோம். (மாத உச்சவரம்பு ரூ.10,000.) ஒரு மகன் கட்டவில்லை என்றால், தொகை நிலுவையான 3 மாதங்களுக்குள் முறையிட்டால்தான் பிடியாணை பிறக்கும். காத்திருக்கும் பெற்றோர் தவறவிடும் கெடு இது. சிறை ஒரு மாதம் வரை. மகனைச் சிறைக்கு அனுப்ப எந்தத் தந்தை மனுவெழுதுவார் என்பது தனிக் கேள்வி.

சட்டத்தின் கூர்மையான ஆயுதம் 23-வது பிரிவு. பராமரிப்பு நிபந்தனையுடன் எழுதிக் கொடுத்த சொத்தை, நிபந்தனை மீறப்பட்டால் ரத்து செய்யலாம். அந்த நிபந்தனை இருந்தாக வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2022-ல் கூறியது. ஆனால் நிறுவனம் கட்டிய வீட்டில் வாழ்நாளைக் கழித்தவரிடம் எழுதிக் கொடுக்கச் சொத்து எது? சொத்துள்ள பெற்றோரின் பேரம் பேசும் வலிமை இவருக்கு இல்லை.

மருமக்களையும் பொறுப்பாளியாக்கி, உச்சவரம்பை நீக்கி, வீட்டிலேயே முதியோருக்குப் பணிவிடை செய்யும் சேவை நிறுவனங்களை முறைப்படுத்தும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமானது. பகலில் ஆளில்லாத வீடுகளுக்குச் சற்றேனும் பொருந்தியது அந்தக் கடைசி அம்சமே. 2024-ல் அவை கலைக்கப்பட்டபோது மசோதா காலாவதியானது.