இரண்டு திரைகளுக்கு நடுவே ஒரு சுவர்

மேசையின் இடப்பக்கம் புதிதாக வாங்கிய 27 அங்குல 4கே மானிட்டர், வலப்பக்கம் பழைய 24 அங்குல ஃபுல் எச்டி மானிட்டர். மவுஸை வலப்பக்கம் நகர்த்தினால் சில நேரம் அம்புக்குறி அடுத்த திரைக்குப் போகிறது. சில நேரம் விளிம்பிலேயே முட்டி நிற்கிறது. போனாலும், விட்ட உயரத்தில் இருப்பதில்லை. மவுஸில் கோளாறு என்று நினைக்கத் தோன்றும். கோளாறு மவுஸில் இல்லை.

விண்டோஸ் திரைகளை அடுக்கும்போது சென்டிமீட்டரைப் பார்ப்பதில்லை, பிக்சல்களைத்தான் எண்ணுகிறது. 4கே திரையின் உயரம் 2160 பிக்சல், பழையதன் உயரம் 1080. மேசையில் இரண்டுக்கும் நான்கு சென்டிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. விண்டோஸின் கணக்கிலோ ஒன்று மற்றதைப்போல் இரண்டு மடங்கு உயரம். ஆகவே பெரிய திரையின் வலது விளிம்பில் பாதிதான் வாசல். மீதிப் பாதி சுவர்.

இதை நேரில் பார்க்க Settings, System, Display என்று போங்கள். 1, 2 என எண்ணிட்ட இரண்டு பெட்டிகள் இருக்கும். எது எந்தத் திரை என்று தெரியாவிட்டால் Identify-ஐ அழுத்தினால் அந்தந்தத் திரையில் எண் தெரியும். சின்னப் பெட்டியை மேலும் கீழும் இழுத்து, Apply கொடுக்கலாம். பெட்டிகள் தொட்டுக்கொண்டிருக்கும் இடமே வாசல்.

எங்கே வைப்பது? இரு திரைகளின் நடுப்பகுதியும் மேசையில் ஒரே உயரத்தில் இருந்தால், பெட்டிகளையும் நடுவுக்கு நடு வையுங்கள். நடுக்கோட்டில் அம்புக்குறி நேராகப் போகும். ஆனால் நடுவிலிருந்து 5 செ.மீ. மேலே கடந்தால், அடுத்த திரையில் கிட்டத்தட்ட 9 செ.மீ. மேலே போய் நிற்கும். அங்கே பிக்சல்கள் பெரியவை, அதனால்தான். 8 செ.மீ. தாண்டினால் சுவர் தொடங்கிவிடும்.

எழுத்தின் அளவை மாற்றும் Scale-ஐ 150 சதவீதமாக்கிப் பார்ப்பவர்கள் பலர். எழுத்து பெரிதாகும், சுவர் அப்படியே இருக்கும்.

விண்டோஸ் 11-இல் அதே பக்கத்தில், Multiple displays பகுதிக்குள் Ease cursor movement between displays என்றொரு தேர்வு உண்டு. அதை இயக்கினால் சுவர் இருந்த இடத்திலும் அம்புக்குறி கடந்துவிடும். பெரும்பாலோருக்கு இதுவே போதும். எனக்கு மட்டும் மேல்மூலைச் சுவர்மீது ஒரு பிரியம்: முழுத்திரையில் விரித்த ஜன்னலை மூட, மவுஸை மூலைக்கு வீசினால் X பொத்தானிலேயே அது நின்றுவிடும். தேர்வை இயக்கினால் அந்த வசதி போய்விடுகிறது.

உயரம் தாவுவதும் உறுத்தினால், லிட்டில் பிக் மவுஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அது திரைகளின் உண்மையான அளவை வைத்துக் கணக்கிடுவதால், 5 செ.மீ. உயரத்தில் விட்ட அம்புக்குறி அடுத்த திரையிலும் 5 செ.மீ. உயரத்திலேயே நுழைகிறது. 4கே திரையை 1920 x 1080-க்கு இறக்கினாலும் பெட்டிகள் சமமாகிவிடும்தான். ஆனால் காசு கொடுத்து வாங்கிய துல்லியம் அதோடு போய்விடும். அதை நான் செய்யமாட்டேன்.