அடையார் போர்டை 'அடையாறு' ஆக்கணுமா? ஃபோட்டோவில் இருந்து ஃபான்ட்டைப் பிடிப்பது இப்படித்தான்!

உங்கள் சித்தப்பா அடையாறில் ஒரு தையல் கடை வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போர்டில் 'அடையார் லேடீஸ் டெய்லர்ஸ்' என்று இருக்கிறது. கீழே அதுவே இங்கிலீஷில் சின்னதாக. பத்து வருஷமாக யாரும் எதுவும் சொல்லவில்லை. திடீரென்று ஒரு கஸ்டமர், "ஊர் பேரே தப்பா இருக்கே சார், ஆத்து பேருதானே ஊர் பேரு, அடையாறுன்னுல்ல இருக்கணும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து சித்தப்பாவுக்குத் தூக்கமில்லை. போர்டு போடுகிறவரோ, "ஒரு எழுத்துக்காக எல்லாம் வர முடியாது, மொத்தமா புதுசா போட்டுடலாம்" என்கிறார். போட்டோவோடு உங்களிடம் வந்து நிற்கிறார் சித்தப்பா.

மாற்ற வேண்டியது ஒரே ஒரு எழுத்து. கடைசி 'ர்' போய் அங்கே 'று' வர வேண்டும். சிக்கல் என்னவென்றால், அந்த போர்டில் வேறு எங்குமே 'ற' கிடையாது. காப்பி பேஸ்ட் பண்ண முடியாது. தி.நகரில் 'டி.நகர்' என்று இருக்கிற போர்டைத் திருத்துவது இதைவிட சுலபம். கீழே 'திருமண அழைப்பிதழ்' என்று ஒரு வரி இருந்தால், அதில் உள்ள 'தி'யையே பெரிதாக்கி வைத்துவிடலாம். இல்லாத எழுத்து வேண்டுமென்றால், அந்த போர்டு எந்த ஃபான்ட்டில் அடிக்கப்பட்டது என்று தெரிந்தே ஆக வேண்டும்.

முதலில், அது ஃபான்ட்தானா என்று பாருங்கள். ஒரே எழுத்து இரண்டு முறை வருகிற இடத்தைத் தேடுங்கள். நம் போர்டில் 'ர்' இரண்டு முறை வருகிறது, 'ஸ்' இரண்டு முறை வருகிறது. ஃபோட்டோவை ஜூம் பண்ணி இரண்டு 'ஸ்'ஸையும் ஒப்பிடுங்கள். வளைவு, புள்ளி உட்கார்ந்திருக்கும் இடம் எல்லாம் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தால் அது கம்ப்யூட்டர் எழுத்து. கொஞ்சம் அப்படி இப்படி இருந்தால், யாரோ ஓர் ஓவியர் தூரிகையால் எழுதியது. அதற்கு ஃபான்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது, எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. மயிலாப்பூர் பக்கம் பழைய போர்டுகளில் 'லை', 'னை' எல்லாம் யானைத் தும்பிக்கை போல மேலே வளைந்த பழைய வடிவத்தில் இருந்தால், அதுவும் பெரும்பாலும் கை எழுத்துதான். 1978-ல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் பழகிய கை அது. அப்படிப்பட்ட போர்டுக்கு ஃபான்ட் தேடாதீர்கள், ஓவியரைத் தேடுங்கள். இது என் தனிப்பட்ட கருத்து: அந்த மாதிரி போர்டில் எழுத்துப்பிழை இருந்தால்கூட அப்படியே விட்டுவிடலாம்!

நம் சித்தப்பா போர்டு ஏசிபி ஷீட்டில் ஸ்டிக்கர் வெட்டி ஒட்டியது. இரண்டு 'ஸ்'ஸும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆக, ஃபான்ட்தான்.

அடுத்து ஃபோட்டோ. சித்தப்பா எடுத்தது ஃபுட்பாத்தில் நின்று, அண்ணாந்து எடுத்த படம். மேல் பக்கம் குறுகி, கீழ் பக்கம் அகன்று இருக்கும். அதை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. எதிர்ச்சாரியில், போர்டுக்கு நேர் எதிரே போய் நின்று, 2x ஜூமில் எடுங்கள். தூரத்தில் இருந்து ஜூம் பண்ணினால் கோணல் குறையும். மிச்சம் இருக்கும் கோணலை Snapseed ஆப்பில் Perspective என்கிற டூலால் நேராக்கலாம். சரியாக நேராகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? போர்டை டேப்பால் அளந்துவிடுங்கள். 8 அடிக்கு 3 அடி போர்டு என்றால், படத்திலும் போர்டின் அகலமும் உயரமும் 8-க்கு 3 என்ற விகிதத்தில் வர வேண்டும். வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் இழுக்க வேண்டும்.

இப்போதுதான் தேடல். படத்தைப் போட்டால் ஃபான்ட் பெயரைச் சொல்லும் WhatTheFont போன்ற தளங்கள் இங்கிலீஷ் எழுத்துகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. தமிழ் வரியைக் கொடுத்து நம்பி உட்காராதீர்கள். ஆனால், போர்டில் ஒரு இங்கிலீஷ் வரியும் ஒரு போன் நம்பரும் இருக்கின்றனவே, அவைதான் நமக்குத் துப்பு. புதிய தமிழ் ஃபான்ட்கள் பலவற்றிலும் தமிழோடு இங்கிலீஷ் எழுத்துகளும் எண்களும் ஒரே கையால் வரைந்ததுபோல சேர்ந்தே வரும். தமிழ் எழுத்து தடியாக, முனைகள் உருண்டையாக இருந்து, கீழே இங்கிலீஷும் அதே தடிமனில், அதே உருண்டையோடு இருந்தால், இரண்டும் ஒரே ஃபான்ட்டாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு.

போனிலேயே கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தைத் திறந்து, மொழியை Tamil என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான ஃபான்ட்கள் ஒரு கைக்கடக்கமான பட்டியலாகச் சுருங்கிவிடும். மேலே நம் சொந்த வாக்கியத்தைத் தட்டுகிற இடம் இருக்கும். அதில் 'அடையார்' என்று அடித்துவிட்டு மெதுவாக ஸ்க்ரோல் பண்ணுங்கள்.

எதைப் பார்ப்பது? எல்லா எழுத்தையும் பார்த்தால் கண் கட்டிவிடும். 'ட' மாதிரி இரண்டு கோடு போட்டு முடிகிற எழுத்தில் எல்லா ஃபான்ட்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். சுழிகளில்தான் வித்தியாசம். 'அ'வின் இடது பக்கச் சுழி எவ்வளவு பெரியது, 'ஸ'வின் வால் எங்கே முடிகிறது, 'லே'யில் இருக்கும் இரட்டைச் சுழிக் கொம்பு எவ்வளவு உயரம் என்று பாருங்கள். அப்புறம் புள்ளி. சில ஃபான்ட்டில் வட்டம், சிலவற்றில் சதுரம். இதை ஒன்றை வைத்தே பாதிப் பட்டியலைக் கழித்துவிடலாம்.

நம் தடியான, உருண்டை முனை எழுத்துக்கு இரண்டு மூன்று பெயர்கள் மிஞ்சும். Coiny ஒன்று, Baloo Thambi 2 இன்னொன்று. பலூ தம்பி என்பது மும்பையில் இருக்கும் ஏக் டைப் குழு செய்தது. அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதலில் வந்த பலூ தம்பி ஒரே ஒரு தடிமனில்தான் கிடைத்தது. பிறகு வந்த '2'-ல் ரெகுலரில் இருந்து எக்ஸ்ட்ரா போல்டு வரை ஐந்து தடிமன்கள். பழைய போர்டு முதல் பதிப்பில் அடித்ததாக இருந்தால், '2'-ல் எந்தத் தடிமனை எடுத்தாலும் ஒரு நூலிழை தள்ளியே நிற்கலாம்.

கண்ணால் பார்த்து "இதுதான்" என்று முடிவு பண்ணிவிடாதீர்கள். அடித்த 'அடையார்' வரியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, Snapseed-ல் Double Exposure டூல் மூலம் போர்டு படத்தின் மேல் பாதி தெரிகிற மாதிரி வையுங்கள். முதல் எழுத்து 'அ'வை உயரம் சரியாகப் பொருத்திவிட்டு, கடைசி 'ர்' எங்கே விழுகிறது என்று பாருங்கள். அதுவும் பொருந்தினால் வேட்டை முடிந்தது.

முதல் எழுத்து பொருந்தி, போகப் போக விலகினால்? உடனே ஃபான்ட் தப்பு என்று அர்த்தமில்லை. இடம் நிரம்ப வேண்டும் என்பதற்காக எழுத்தை அகலவாக்கில் இழுத்துவிடுவது போர்டு டிசைனில் சர்வ சாதாரணம். அதைக் காட்டிக்கொடுப்பது அதே புள்ளிதான். ஃபான்ட்டில் வட்டமாக இருக்கும் புள்ளி, நேராக்கிய படத்தில் முட்டை வடிவமாகத் தெரிந்தால், இழுத்திருக்கிறார்கள். புள்ளியின் அகலம் 22 பிக்ஸல், உயரம் 20 பிக்ஸல் என்றால் இழுப்பு 110 சதவீதம். நீங்கள் அடிக்கிற புது எழுத்தையும் அதே 110-க்கு இழுத்தால்தான் பக்கத்து எழுத்தோடு ஒட்டும்.

அளவு கணக்கு இனி சுலபம். ஏணி போட்டு 'ட'வின் உயரத்தை மட்டும் டேப்பால் அளந்தால் போதும். அது 18 செ.மீ., படத்தில் 240 பிக்ஸல் என்றால், ஒரு பிக்ஸல் 0.75 மி.மீ. படத்தில் பொருத்தி வைத்த புது 'று' 400 பிக்ஸல் அகலம் வந்தால், நிஜத்தில் 30 செ.மீ. ஸ்டிக்கர் வெட்ட வேண்டும்.

இத்தனையும் செய்துவிட்டு, "பலூ தம்பியில் ஒரு 'று' வெட்டிக் கொடுங்க" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பெரும்பாலும் சொதப்பும். பல ஸ்டிக்கர் கடைகளில் இன்னும் பாமினி மாதிரி பழைய ஃபான்ட்கள்தான் ஓடுகின்றன. அவை யுனிகோடு கிடையாது. இங்கிலீஷ் எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை உட்கார வைத்தவை. பாமினியில் 'அடையாறு' என்று வர வேண்டுமென்றால் இப்படி அடிக்க வேண்டும்:

```
milahW
```

நீங்கள் அனுப்புகிற யுனிகோடு 'அடையாறு'வை அந்த ஃபான்ட்டில் போட்டால் வேறு ஏதோ ஃபான்ட்டிலோ கட்டம் கட்டமாகவோ வரும். கடைக்காரர் சரியான ஃபான்ட்டையே இறக்கினாலும், பழைய டிசைன் சாஃப்ட்வேரில் 'டை'யின் கொம்பு 'ட'வுக்குப் பின்னால் போய் நிற்கலாம். ஃபோட்டோஷாப்பில் Type அமைப்புகளில் World-Ready Layout என்பதைத் தேர்ந்தெடுத்தால் அது சரியாகும், ஆனால் அதை யார் போய் அவரிடம் சொல்வது? அதனால் எழுத்தை எழுத்தாக அனுப்பாதீர்கள், கோடாக அனுப்புங்கள். கம்ப்யூட்டரில் 'று'வை அடித்து, கோரல்டிராவில் Convert to Curves கொடுத்து, பிடிஎஃப்பாக எடுத்துக்கொடுங்கள். அதன்பிறகு அது வெறும் வடிவம். அவரிடம் எந்த ஃபான்ட் இருக்கிறது, இல்லை என்ற கேள்வியே வராது.

கடைசியாக இரண்டு விஷயம் ஒட்டும் முன்பு. 'று'வின் வால் 'ர்'ஐ விடக் கீழே இறங்கும். கீழே இங்கிலீஷ் வரி நெருக்கமாக இருந்தால் இடிக்கும். படத்திலேயே பொருத்திப் பார்த்து, இடித்தால் இங்கிலீஷ் வரியை ஒரு விரல் அளவு இறக்கி ஒட்டச் சொல்லுங்கள். 'று'வைச் சின்னதாக்கி சமாளிக்காதீர்கள், தெருக்கோடியில் இருந்தே தெரியும். இரண்டாவது, ஹேர் டிரையரால் சூடாக்கி 'ர்'ஐ உரித்ததும் அதன் அடியில் பத்து வருஷ வெயில் படாத ஷீட் பளிச்சென்று 'ர்' வடிவத்திலேயே தெரியும். 'று' அகலமானது என்பதால் அதில் பாதியை மறைத்துவிடும். மேலே புள்ளி இருந்த இடம் மட்டும் ஒரு சின்ன வெளிச்சப் பொட்டாக மிஞ்சும். அதற்கு, பின்னணியின் இப்போதைய, வெளுத்த நிறத்திலேயே ஒரு துண்டு ஸ்டிக்கர் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஷீட் புதிதாக இருந்தபோது என்ன நிறமோ அதைக் கேட்டால் பொட்டு இன்னும் எடுப்பாகத் தெரியும்.