ஒரு மடிக்கணினி, ஒரு வெடிகுண்டு, ஆறு நண்பர்கள்

பழைய நண்பர்கள் கூடும் இரவுக்கு "என்ன விளையாடலாம்?" என்று வாட்ஸப்பில் கேட்டால் இருபது பதில் வரும், முடிவு வராது. ஒரே விளையாட்டைச் சொல்லி, செலவையும் கருவியையும் அதிலேயே எழுதிவிடுவது நல்லது. இப்படி:

"மச்சான்களா, சனிக்கிழமை ராத்திரி Keep Talking and Nobody Explodes. ஸ்டீமில் வழக்கமான விலை 15 டாலர். தள்ளுபடியில் இன்னும் குறையும். ஒரு பிரதி போதும், நான் வாங்குகிறேன், பங்கு போட்டுக்கலாம். என் லேப்டாப்பில் ஓடும். நீங்கள் போனில் bombmanual.com திறந்து வைத்தால் போதும், அது இலவசம்."

2015-இல் வந்த விளையாட்டு இது. ஒருவர் மட்டும் திரையில் வெடிகுண்டைப் பார்ப்பார். மற்றவர்கள் கையில் கையேடு, ஆனால் குண்டு தெரியாது. "மூணு ஒயர், நீலம், மஞ்சள், கறுப்பு" என்கிறார் அவர். மூன்று ஒயரில் சிவப்பே இல்லையென்றால் இரண்டாவதை வெட்டு என்கிறது கையேடு. மஞ்சளை வெட்டினால் பிழைத்தோம். தவறாக வெட்டினால் கடிகாரம் வேகமெடுக்கும். பெரும்பாலான குண்டுகள் மூன்றாவது தவறில் வெடித்துவிடும்.

எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவதுதான் தோல்விக்கு வழி. ஆளுக்கு இரண்டு பக்கம் பிரித்துக்கொள்ளலாம். கையேடு ஆங்கிலத்தில் என்பதால் வாசிக்கத் தயங்குபவரிடம் மவுசைக் கொடுத்துவிடுங்கள். லேப்டாப் திரை மட்டும் மற்றவர்கள் பக்கம் திரும்பக் கூடாது. மடிக்கணினி பழையது என்றால் முன்தினமே ஓட்டிப் பாருங்கள்: வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும்.