சிர்க்கோனியத்துக்குள் ஒளிந்திருந்த ஹாஃப்னியம்

ஜெர்மானிய வேதியியலாளர் கிளாப்ராத் 1789-ல் சிர்க்கோனியத்தைக் கண்டறிந்தார். அதன்பின் 134 ஆண்டுகள் அதைக் கையாண்ட ஆய்வகங்கள் எல்லாமே, தெரியாமலேயே, இரண்டு தனிமங்களைச் சேர்த்துத்தான் கையாண்டுகொண்டிருந்தன. சிர்க்கோனியத் தாதுவில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு வேறொரு உலோகம் என்பதை 1923-ல் கோபன்ஹேகனில் டர்க் காஸ்டரும் ஹெவெஷியும் காட்டினார்கள். அவர்களும் வேதிவினையை மட்டும் நம்பவில்லை. நார்வேயிலிருந்து வந்த சிர்க்கான் கனிமத்தின் எக்ஸ் கதிர் நிறமாலையில் 72-ஆம் தனிமத்துக்கு உரிய கோடுகளைப் பார்த்தார்கள். கோபன்ஹேகனின் லத்தீன் பெயரை ஒட்டி அதற்கு ஹாஃப்னியம் என்று பெயர் வைத்தார்கள்.

அதுவரை பலரும் 72-ஐ அருமண் உலோகங்களுக்கு இடையே தேடிக்கொண்டிருந்தார்கள். எலக்ட்ரான் கூடுகள் நிரம்பும் முறையை வைத்து, அது சிர்க்கோனியத்தின் உறவாகவே இருக்க வேண்டும் என்று நீல்ஸ் போர் வாதிட்டார். அவர் சொன்ன இடத்திலேயே அது கிடைத்தது. இத்தனை காலம் அது பிடிபடாமல் போனதற்குக் காரணம் அணுக்களின் அளவு.

தனிம வரிசை அட்டவணையில் ஒரு தொகுதியில் கீழே இறங்க இறங்க, புதிய எலக்ட்ரான் கூடு ஒன்று சேரும், அணு பெரிதாகும். பொட்டாசியம், ருபீடியம், சீசியம் அப்படித்தான் வளர்கின்றன. நான்காம் தொகுதியின் முதல் அடியும் ஒழுங்காகவே இருக்கிறது: டைட்டானியத்தின் உலோக ஆரம் 147 பிக்கோமீட்டர், சிர்க்கோனியத்தினுடையது 160. அடுத்த அடியில் ஹாஃப்னியம் இன்னும் பெரிதாக இருக்க வேண்டுமல்லவா? அதன் ஆரம் 159.

இதற்கு விடை பக்கத்துத் தொகுதியிலேயே இருக்கிறது. அங்கே இட்ரியத்தின் ஆரம் 180. அதற்குக் கீழுள்ள லாந்தனத்தினுடையது 187. வழக்கப்படி வளர்ச்சி இருக்கிறது. இட்ரியத்திலிருந்து லாந்தனத்துக்கு வர 18 புரோட்டான்கள் கூடுகின்றன. சிர்க்கோனியத்திலிருந்து ஹாஃப்னியத்துக்கு வரவோ 32 கூடுகின்றன. மிகுதியாக வரும் அந்த 14 புரோட்டான்கள்தான், லாந்தனத்தை அடுத்து வரும் சீரியம் முதல் லூட்டீசியம் வரையிலான 14 தனிமங்களைக் கடக்கும்போது சேர்ந்தவை.

அவற்றோடு 14 எலக்ட்ரான்களும் சேரத்தான் செய்கின்றன. ஆனால் அவை போய் அமர்வது 4f ஆர்பிட்டால்களில். வெளி எலக்ட்ரானை அணுக்கரு இழுக்கும் இழுப்பை இடையிலுள்ள எலக்ட்ரான்கள் ஓரளவு மறைக்கும். S எலக்ட்ரான்கள் கருவுக்கு மிக அருகே வரை ஊடுருவுவதால் நன்றாக மறைக்கின்றன. பல மடல்களாகப் பிரிந்து விரிந்து கிடக்கும் 4f எலக்ட்ரான்கள் கருவின் அருகே போவதில்லை. அவற்றின் மறைப்பு, ஓலைகள் இடைவிட்டுக் கிடக்கும் கூரை வெயிலை மறைப்பது போலத்தான். ஆகவே ஒவ்வொரு புரோட்டான் கூடும்போதும் வெளி எலக்ட்ரான்கள் உணரும் இழுப்பு சற்றே ஏறுகிறது. மூன்று நேர்மின்சுமை கொண்ட அயனிகளை அளந்தால் இது தெளிவாகத் தெரியும்: லாந்தனத்துக்கு 103 பிக்கோமீட்டர், லூட்டீசியத்துக்கு 86. ஓர் அடிக்குச் சுமார் ஒரு பிக்கோமீட்டர்தான் குறைகிறது. பதினான்கு அடி சேர்ந்ததும், புதிய கூடு தந்திருக்க வேண்டிய வளர்ச்சி முழுவதையும் அது விழுங்கிவிடுகிறது. இதையே லாந்தனைடு குறுக்கம் என்கிறோம்.

அதன் நிழல் அதற்கு அப்பாலும் நீள்கிறது. நியோபியமும் டான்டலமும் தலா 146. மாலிப்டினமும் டங்ஸ்டனும் தலா 139. ஆனால் வலப்புறம் போகப் போக வேறொரு காரணமும் வலுக்கிறது. கனமான கருவைச் சுற்றும் உள் எலக்ட்ரான்களின் வேகம் ஒளி வேகத்தின் கணிசமான பங்கை எட்டுவதால், சார்பியல் விளைவாக s ஆர்பிட்டால்கள் சுருங்குகின்றன. வெள்ளியும் தங்கமும் ஒரே அளவில் இருப்பதில் இதன் பங்கு பெரிது. எல்லாவற்றையும் 4f-இன் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

அளவும் மின்சுமையும் ஒன்றானால் அயனிகள் ஒரே படிகத்தில் ஒன்றன் இடத்தில் மற்றொன்று உட்கார்ந்துவிடும். நான்கு நேர்மின்சுமை கொண்ட சிர்க்கோனிய அயனி 72 பிக்கோமீட்டர், ஹாஃப்னிய அயனி 71. கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலிருந்து பிரிக்கப்படும் சிர்க்கானிலும் இரண்டும் கலந்தேதான் இருக்கின்றன. சாதாரணப் பயன்பாட்டுக்கு இந்தக் கலப்பால் தொல்லையில்லை. அணு உலையில்தான் சிக்கல். அங்கே எரிபொருள் குழாய்களைச் சிர்க்கோனியக் கலவையில் செய்வதற்குக் காரணம், அது நியூட்ரான்களை அநேகமாக விழுங்காமல் விடுவது. ஹாஃப்னியமோ சிர்க்கோனியத்தைவிட ஐநூறு மடங்குக்கு மேல் விழுங்கும். வேதியியலில் இரட்டையர்களான இவற்றின் கருக்கள் முற்றிலும் வேறானவை. அடர்த்தியிலும் ஹாஃப்னியம் இரு மடங்கு.

ஆகவே உலைக்குப் போகும் சிர்க்கோனியத்தில் ஹாஃப்னியம் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. ஹெவெஷி ஃபுளோரைடு உப்புகளைத் திரும்பத் திரும்பப் படிகமாக்கிப் பிரித்தார். இன்று இந்திய ஆலைகளில் நைட்ரிக் அமிலக் கரைசலை ட்ரைபியூட்டைல் பாஸ்பேட் என்ற கரிமத் திரவத்தோடு கலக்குகிறார்கள். சிர்க்கோனியம் அந்தத் திரவத்துக்குள் சற்று எளிதாகச் செல்கிறது. ஹாஃப்னியம் பெரும்பாலும் அமிலத்திலேயே தங்குகிறது. ஒரு முறையில் கிடைக்கும் வேறுபாடு போதாது என்பதால், இரண்டு திரவங்களையும் எதிரெதிர்த் திசையில் ஓடவிட்டுப் பல கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒதுக்கப்பட்ட ஹாஃப்னியமும் வீணாவதில்லை. நியூட்ரானை விழுங்கும் அதே குணத்தால், நீர்மூழ்கிக் கப்பல் உலைகளில் அது கட்டுப்பாட்டுக் கழிகளாகப் பயன்படுகிறது.