'கார்டு வேணாம்'னு சொல்ல போன்தான் பண்ணணுமா? காது மந்தமானவர்களுக்கு ஒரு வழி இருக்கு!

கிரெடிட் கார்டு வாங்க ஒரு கையெழுத்து போதும். அதையே மூடலாம் என்று போனால், 'கஸ்டமர் கேரை அழைக்கவும்' என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார்கள். காது மந்தமானவர்களும், போனில் பேசுவதென்றாலே பதற்றமாகிவிடுபவர்களும் என்ன செய்வார்கள்? 500 ரூபாய் ஆண்டுக் கட்டணம், 18% ஜி.எஸ்.டி சேர்த்து 590 ரூபாய். 'போனா போகுது' என்று வருடா வருடம் கட்டிவிடுவார்கள்.

அப்படிக் கட்ட வேண்டியதில்லை. போன் செய்யாமலே கிரெடிட் கார்டை மூட ரிசர்வ் வங்கியின் விதியே வழி தருகிறது.

போனில் என்னதான் சிக்கல்?

வயதாகும்போது முதலில் குறைவது, உயர்ந்த அதிர்வெண் ஒலிகளைக் கேட்கும் திறன். 'ச', 'ஸ', 'ஃப' போன்ற ஒலிகளைப் பிரித்தறிய அந்தத் திறன்தான் வேண்டும். சாதாரண போன் அழைப்பில் அந்த உயர் ஒலிகள் ஏற்கெனவே பெருமளவு வெட்டப்பட்டுத்தான் வருகின்றன. எதிரில் ஆள் இல்லாததால் உதட்டசைவைப் பார்த்தும் புரிந்துகொள்ள முடியாது. 'சத்தம் கேக்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னு புரியல' என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

புரியாதபோது நாம் என்ன செய்வோம்? 'ம்... சரிங்க' என்போம். ஆபத்து அங்கேதான். கார்டை மூட அழைத்தால், 'இந்த வருஷக் கட்டணத்தைத் தள்ளுபடி பண்றோம், தொடரலாமா சார்?' என்று கேட்பார்கள். அது காதில் சரியாக விழாமல் நீங்கள் சொல்லும் 'சரி', கார்டைத் தொடர்வதற்கான சம்மதமாகப் பதிவாகிவிடும். எழுத்தில் கேட்டால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.

விதி என்ன சொல்கிறது?

கிரெடிட் கார்டுகளுக்காக 2022-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிகளின்படி, கார்டை மூடும் கோரிக்கையைத் தர ஹெல்ப்லைன், தனி மின்னஞ்சல், இணையதளத்தில் பளிச்செனத் தெரியும் லிங்க், நெட் பேங்கிங், மொபைல் ஆப் எனப் பல வழிகளைக் கொடுக்க வேண்டும். 'தபாலில் அனுப்பினால்தான் ஆச்சு' என்பதுபோல, தாமதமாகும் வழிகளை வற்புறுத்தக் கூடாது. பாக்கி எதுவும் இல்லாவிட்டால் 7 வேலை நாள்களுக்குள் மூடிவிட்டு, உடனே மெயில் அல்லது எஸ்.எம்.எஸ்ஸில் தெரிவிக்க வேண்டும். தாமதித்தால் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.

மெயிலுக்கு முன் இரண்டு வேலை

முதலில், பாக்கியைச் சுத்தமாகக் கட்டுங்கள். கடைசி பில்லில் உள்ள தொகை மட்டும் போதாது. அதற்குப் பிறகு செலவழித்தது, மீதமுள்ள இ.எம்.ஐ எல்லாம் கணக்கில் வரும். பத்து ரூபாய் நின்றாலும் 'டியூ இருக்கு' என்று கோரிக்கையை நிறுத்திவிட முடியும். கூடுதலாகக் கட்டிவிட்டால் பயமில்லை. மிச்சத்தை உங்கள் வங்கிக் கணக்குக்கு அவர்கள் அனுப்ப வேண்டும்.

அடுத்து, இன்ஷூரன்ஸ் பிரீமியம், ஓ.டி.டி சந்தா என்று அந்த கார்டில் தானாகக் கழிபவற்றை வேறு கணக்குக்கு மாற்றுங்கள்.

மெயிலில் என்ன எழுதுவது?

கார்டை மூடுவதற்கான மெயில் முகவரியை வங்கியின் இணையதளத்திலிருந்தே எடுங்கள். கூகுளில் 'கஸ்டமர் கேர்' என்று தேடினால் மோசடி எண்கள் வந்து நிற்கும். வங்கியில் நீங்கள் பதிவுசெய்த மெயில் முகவரியிலிருந்துதான் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் 'அடையாளம் உறுதியாகவில்லை' என்று திருப்பிவிடுவார்கள். இப்படி எழுதலாம்:

'4417 என்று முடியும் என் கிரெடிட் கார்டை நிரந்தரமாக மூடும்படி கேட்டுக்கொள்கிறேன். பாக்கி முழுவதையும் கட்டிவிட்டேன். எனக்குக் காது சரியாகக் கேட்காததால் போனில் பேச இயலாது. இந்தக் கோரிக்கையின் பதிவு எண்ணையும், மூடப்பட்ட தகவலையும் மெயில் அல்லது எஸ்.எம்.எஸ் மூலம் அனுப்புங்கள். கட்டணத் தள்ளுபடியோ, மாற்று கார்டோ வேண்டாம்.'

ஒவ்வொரு வரிக்கும் காரணம் உண்டு. போன் வேண்டாம் என்று எழுதாவிட்டால், அவர்கள் அழைத்து, நீங்கள் எடுக்காமல் போய், 'வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லை' என்று கோரிக்கையை முடித்துவிடலாம். கடைசி வரி, சலுகை பேச்சுக்கு முன்கூட்டியே பதில். முழு கார்டு எண், சி.வி.வி, ஓ.டி.பி எதையும் மெயிலில் எழுதாதீர்கள்.

நாள் கணக்கு

1-ம் தேதி திங்கட்கிழமை மெயில் அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாளிலிருந்து எண்ணினால், நடுவில் அரசு விடுமுறை இல்லாத பட்சத்தில், ஞாயிறு நீங்கலாக 9-ம் தேதி செவ்வாயோடு 7 வேலை நாள்கள் முடிகின்றன. முதல் சனிக்கிழமை வங்கிக்கு வேலை நாள் என்பதால் அதுவும் இதில் சேரும். கார்டை 15-ம் தேதிதான் மூடினார்கள் என்றால் தாமதம் 6 நாள். உங்களுக்கு வர வேண்டியது 3,000 ரூபாய். இந்தத் தாமதக் கணக்கில் ஞாயிறும் சேரும்.

'போன் பண்ணுங்க சார்' என்றே பதில் வந்தால்?

பெரும்பாலும் இது தானாக வரும் பதில்தான். அதற்குக் கீழேயே, '1-ம் தேதி எழுத்தில் கோரிக்கை தந்துவிட்டேன். மெயில் வழியை ரிசர்வ் வங்கி விதி அனுமதிக்கிறது. அந்தத் தேதியையே கணக்கில் கொள்ளவும்' என்று பதில் எழுதுங்கள். இணையதளத்தில் குறைதீர்ப்பு அதிகாரியின் மெயில் முகவரி இருக்கும். அவருக்கும் நகல் போகட்டும். கிளை அருகில் இருந்தால், அதே கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துப்போய், ஒன்றில் தேதியுடன் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

புகார் செய்து 30 நாள்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். cms.rbi.org.in தளத்தில் எழுத்திலேயே புகார் தரலாம், கட்டணம் இல்லை. சீல் வாங்கிய பிரதியும் மெயில்களும் அங்கே கைகொடுக்கும்.

பிள்ளைகள் பேசலாமா?

'நான்தான் அப்பா' என்று குரல் மாற்றிப் பேசுவது வேண்டாம். அது ஆள்மாறாட்டம், பின்னால் சிக்கலாகும். பேசித்தான் ஆக வேண்டுமென்றால், கார்டின் பின்புறம் உள்ள எண்ணை அழைத்து ஸ்பீக்கரில் போடுங்கள். கார்டுக்கு உரியவரே தன் பெயரைச் சொல்லி, 'எனக்குக் காது கேக்காது, என் பொண்ணு பேசுவா, நான் பக்கத்துலதான் இருக்கேன்' என்று சொல்லட்டும். சில இடங்களில் ஒப்புக்கொள்வார்கள், சில இடங்களில் மறுப்பார்கள். எப்படியானாலும் ஓ.டி.பியை யாரிடமும் சொல்லாமல், பதிவு எண்ணை வாங்கிக்கொண்டுதான் போனை வைக்க வேண்டும்.

இந்த 7 நாள் விதி கிரெடிட் கார்டுக்கு மட்டும்தான். ஜிம், ஆன்லைன் சந்தா போன்றவற்றுக்கு இது பொருந்தாது. ஆனால், ஆன்லைன் சந்தாவை ரத்து செய்வதை வேண்டுமென்றே சிக்கலாக்குவதை, 2023-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள் 'சந்தா பொறி' என்றே பெயரிட்டுத் தடைசெய்கின்றன. அதற்கான புகாரை தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைனின் consumerhelpline.gov.in தளத்தில் தரலாம். அங்கேயும் போன் பேச வேண்டியதில்லை.